நிழல் விழுது, சாலமன்

என் வேலை என்னவென்று ஒருவருக்குச் சொல்லிப் புரியவைப்பதற்குள் சிட்லபாக்கம் ஏரியை ஒரு சுற்று சுற்றி வந்துவிடலாம். சோப்பு, கிரீம், டைரி, பேனா போன்ற சாமான்களை ஒரு பலகைமேல் பரப்பி, நேர் மேலிருந்து எடுத்த படங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஃப்ளாட் லே என்பார்கள். அந்தப் படங்களை இப்போது பாதிப் பேர் எடுப்பதே இல்லை. கம்ப்யூட்டரிடம் எழுதிக் கேட்டால் அதுவே வரைந்து கொடுத்துவிடுகிறது. அதனிடம் எப்படிக் கேட்க வேண்டும் என்று எழுதுகிறவள் நான். ப்ராம்ப்ட் எழுதுகிறேன் என்று சொன்னால், கீழ்வீட்டு மோகன்ராஜ் சார் தலையாட்டிவிட்டு, "அது சரிம்மா, வேலைக்கு எங்க போற?" என்று கேட்கிறார்.

எழுதுவது ஆங்கிலத்தில். தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி இருக்கும்: நேர் மேலிருந்து, தொண்ணூறு டிகிரிப் பார்வை. வெளிர்மஞ்சள் பருத்தித் துணி. நடுவில் ஒரு சோப்பு. அதன் இடப்பக்கம் ஒரு சின்ன மரக்கரண்டி. மேலே மூன்று ரோஜா இதழ்கள். பொருள்களுக்கு நடுவே தாராளமான, சமமான இடைவெளி. வலது மேல் மூலை எழுத்துக்காகக் காலி. மேலிருந்து பரவி விழும் சமமான வெளிச்சம்.

இதில் ஒன்றை விட்டாலும் அது தன் இஷ்டத்துக்குப் போகும். பார்வைக் கோணத்தைச் சொல்லாவிட்டால், துணி மட்டும் படுத்திருக்கும், பாட்டில் எழுந்து நின்றுகொள்ளும். கூட வைக்கிற சாமான் இன்னது என்று பெயர் சொல்லாவிட்டால், தாம்பரம் மார்க்கெட்டில் எவரும் கண்டிராத யூகலிப்டஸ் கொத்து ஒன்றைக் கொண்டுவந்து போடும். ஐந்து என்றால் ஏழு வைக்கும். அதனால் மூன்றுக்கு மேல் கேட்கமாட்டேன்.

எல்லாவற்றையும்விடப் பெரிய பாடம் ஒன்று உண்டு. நான் பயன்படுத்துகிற கருவிக்கு வேண்டாம் என்றால் புரியாது. 'பூ வேண்டாம்' என்று எழுதினால், பூ என்ற சொல்தான் அதன் காதில் விழும். ஒரு கூடைப் பூவைக் கொட்டிவிடும். வேண்டாததை எழுத அதில் தனியாக ஒரு கட்டம் இருக்கிறது, அங்கேதான் எழுத வேண்டும். இல்லையென்றால் அந்தச் சொல்லையே எடுக்காமல், என்ன வேண்டுமோ அதை மட்டும் சொல்ல வேண்டும். என்னிடம் வேலை கற்க வருகிறவர்களிடம் முதல் நாளே இதைச் சொல்லிவிடுவேன். மறந்தால் திட்டவும் செய்வேன். எனக்குப் பொறுமை கொஞ்சம் குறைவு.

ஒரு காலத்தில் இந்தப் படங்களை இதே மாடி அறையில் நிஜமாகவே எடுத்துக்கொண்டிருந்தோம். நானும் சாலமனும். ஏழு வருஷம்.

கூரையில் நான்கு ட்யூப் லைட்டுகள். அவற்றுக்குக் கீழே மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய வெள்ளை மல் துணி. வெளிச்சம் அந்தத் துணியில் பட்டு, பலகை முழுக்க ஒரே மாதிரி இறங்கும். நான் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்து, சோப்பையும் சீப்பையும் இடுக்கியால் நகர்த்தி நகர்த்தி வைப்பேன். சாலமன் அலுமினிய ஏணியில் ஏறி, பலகைக்கு மேலே குனிந்து படம் எடுப்பார். விளக்குக்கும் பலகைக்கும் நடுவே ஓர் ஆள் குனிந்தால் என்ன ஆகும்? நிழல் விழும். மல் துணி வழியாக வருகிற வெளிச்சம் என்பதால் கறுப்பாக விழாது. துவைத்தும் போகாத கறை மாதிரி மங்கலாகப் படியும். அப்படியே எடுத்தால் படம் பாழ்.

"நிழல் விழுது, சாலமன்."

"தள்றேன் மேடம்."

ஒரு நாளைக்கு ஐம்பது தடவையாவது இதைச் சொல்லியிருப்பேன். அவர் தள்ளுவார், ஏணி முனகும், கையை நீட்டி உடம்பை ஒடித்துக்கொண்டு எடுப்பார். அவர் முகத்தைவிட அவர் நிழலைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். கேமரா பையைத் தூக்கித் தூக்கி இடது தோள் கொஞ்சம் இறங்கிய நிழல். குள்ளமான நிழல். அவர் சிரித்தால் பலகைமேல் அது குலுங்கும். நிமிர்ந்து பார்க்காமலே தெரிந்துகொள்வேன்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். எனக்குச் சாலமன் திரும்ப வர வேண்டும். இந்த அறைக்கு வர வேண்டும், இந்த ஏணியில் ஏற வேண்டும். வேலைக்காக என்று சொன்னால் அது பொய். பத்து மாதமாக வேறு எதையும் நான் இவ்வளவு விரும்பியதில்லை. இதை அவரிடம் சொல்லும் துணிச்சல் ஏழு வருஷத்தில் வரவில்லை, அவர் போன பிறகா வரப்போகிறது?

அவர் போனதற்குக் காரணம் என் வாய். ஒரு டைரிக் கம்பெனிக்குப் படங்கள் அவசரமாகத் தேவைப்பட்டன. டைரி, பேனா, கிளிப்பு, கத்தரி எல்லாம் பரப்பி இருபது படம். சாலமன் மறுநாள் காலை வருவதாக இருந்தது. நான் அப்போதுதான் இந்தக் கருவியைப் பழகியிருந்தேன். ஒரே நாளில் இருபதையும் எழுதி வாங்கி, அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அனுப்பியும் விட்டேன். காலையில் அவர் மேற்கு தாம்பரத்திலிருந்து விளக்கு, பை, முக்காலி எல்லாவற்றையும் வண்டியில் கட்டிக்கொண்டு வந்து நின்றார். திரையைப் பார்த்தார். ஒவ்வொரு படமாகத் தள்ளித் தள்ளி, பொறுமையாகப் பார்த்தார்.

"நல்லாதான் கீது. அப்ப என் வேலை இன்னா?" என்றார்.

எனக்குக் குற்றவுணர்ச்சி. குற்றவுணர்ச்சி வந்தால் எனக்குக் கூடவே கேலியும் வந்து தொலையும். "ஒண்ணும் இல்ல. இதுல உங்க நிழல் விழாது. அதுவே பெரிய நிம்மதி" என்று சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. பையைக் கீழே இறக்கியிருந்தவர் மறுபடி தோளில் மாட்டிக்கொண்டார். "சரி மேடம்" என்றார். அவ்வளவுதான். ஏணி அவருடையது. அதை மட்டும் விட்டுவிட்டுப் போனார். அதில் இப்போது நான் துண்டு காயப்போடுகிறேன்.

அவர் ஒன்றும் கண்காணாத இடத்துக்குப் போய்விடவில்லை. முடிச்சூரில் மனை விற்கிறவர்களுக்கு ட்ரோன் பறக்கவிட்டுப் படம் எடுக்கிறார் என்று கேள்விப்பட்டேன். கோடையில் மட்டும் வேலையாம். மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கி நிற்கிற அந்த மனைகளை மேலிருந்து யாரும் காட்டமாட்டார்கள். சிட்லபாக்கத்திலிருந்து முடிச்சூர் எவ்வளவு தூரம்? ரயில்வே லைனைத் தாண்டினால் அரை மணி நேரம். அந்த அரை மணியைத்தான் பத்து மாதமாக என்னால் தாண்ட முடியவில்லை.

போன மாதம் ஷபீனா வந்தாள். கோவிலம்பாக்கத்தில் வீட்டிலேயே குளியல் மாவு, கற்றாழை ஜெல், குப்பைமேனி சோப்பு எல்லாம் செய்கிறவள். வயது இருபத்தெட்டு இருக்கும். வீட்டுக்கு முன்னாலேயே சின்னதாகக் கடை திறக்கப் போகிறாள். அட்டைப்பெட்டியை என் பலகைமேல் வைத்து, பன்னிரண்டு டப்பாக்களையும் ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினாள்.

"வர்ற வெள்ளிக்கு அடுத்த வெள்ளி கடை திறப்பு, அக்கா. பன்னெண்டும் ஒரே மாதிரி நீட்டா இருக்கணும். ஆனா லேபிள்ல ஒரு எழுத்துகூட மாறக்கூடாது."

லேபிளைப் பார்த்தேன். அச்செழுத்து இல்லை. 'நூர் பீவி குளியல் மாவு' என்று யாரோ பேனாவால் எழுதியதை அப்படியே ஸ்கேன் செய்து மூடியில் ஒட்டியிருந்தாள். 'கு' மட்டும் மற்ற எழுத்துகளைவிடப் பெரிதாக, வால் நீண்டு இருந்தது.

"எங்கம்மா எழுத்து. நூர் பீவி அவங்க பேருதான். சமையல்கட்டு டப்பா மூடிங்கள்ல எல்லாம் அவங்கதான் பேர் எழுதி ஒட்டுவாங்க. போன வருஷம் தவறிட்டாங்க. டப்பாலேர்ந்து பிச்சு எடுத்து வெச்சிருந்தேன்" என்றாள். குரல் மாறாமல்தான் சொன்னாள். ஆனால் சொல்லிவிட்டு டப்பாக்களை மறுபடி ஒரு தடவை நேராக அடுக்கினாள்.

நான் நம்பிக்கையாகத் தலையாட்டிவிட்டேன். இருவருக்கும் பொதுவாக இணையத்தில் ஒரு ஃபோல்டர் திறந்து, கருவியில் வரும் படங்கள் நேராக அதில் போய் விழும்படி வைத்தேன். முடிந்தவற்றை அவள் அவ்வப்போது பார்த்துக்கொள்ளட்டும் என்று ஏற்பாடு. இந்த ஏற்பாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

முதல் இரண்டு நாள் நன்றாகவே போனது. மாவு டப்பாவுக்குப் பித்தளைக் கிண்ணம், கற்றாழைக்கு ஒரே ஒரு மடல், சோப்புக்கு ஈரத்துணி. இடைவெளி அளவெடுத்த மாதிரி வந்தது. வெளிச்சம் ஒரு மூலையில்கூட மங்கவில்லை. லேபிள் மட்டும் வரவே இல்லை. டப்பாவின் படத்தையே மாதிரியாகக் கொடுத்துப் பார்த்தேன். தமிழ் எழுத்தைக் கண்டதும் அது ஜிலேபி பிழிய ஆரம்பித்துவிடுகிறது. 'நூர்' இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ சுழி, 'பீவி' இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கொக்கி. அந்தப் பெரிய 'கு' இல்லவே இல்லை.

இதற்கு ஒரு வழி உண்டு. டப்பாவை மட்டும் நேர் மேலிருந்து நிஜமாகப் படம் எடுத்து, வெட்டி, வரைந்த படத்தில் ஒட்டலாம். வெளிச்சம் இரண்டிலும் ஒரே மாதிரி இருந்தால் யாருக்கும் தெரியாது. சரி, நாமே எடுப்போம் என்று பழைய பலகையைத் துடைத்துப் போட்டேன். ட்யூப் லைட்டைப் போட்டேன். துண்டை எடுத்துவிட்டு ஏணியில் இரண்டு படி ஏறி, ஃபோனை நீட்டினேன்.

கை கொஞ்சம் சாய்ந்தாலே வட்டமான மூடி முட்டை மாதிரி ஆகிவிடுகிறது. அதைச் சரிசெய்தால் பலகையின் பாதியை ஏதோ ஒன்று மறைக்கிறது. மல் துணியில் அழுக்கோ என்று நிமிர்ந்து பார்த்தேன். அழுக்கு இல்லை, என் நிழல்தான். இடப்பக்கம் தள்ளினேன். கூடவே தள்ளியது. கீழே உட்கார்ந்து, நிழல் விழுது என்று சொல்ல ஆள் இல்லை.

ஏணியிலிருந்து இறங்கி, கோபத்தோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். பழைய ப்ராம்ப்டையே திரும்ப அடித்தேன். நேர் மேலிருந்து, வெளிர்மஞ்சள் துணி, சமமான இடைவெளி, சமமான வெளிச்சம். கடைசியில் விரல்கள் பாட்டுக்கு இன்னொன்றையும் சேர்த்து அடித்துவிட்டன: படம் எடுப்பவரின் நிழல் விழக்கூடாது.

ஊருக்கெல்லாம் பாடம் சொல்கிறவள், அதைக் கட்டத்தில் எழுதாமல் வாக்கியத்திலேயே எழுதினேன்.

படம் வந்தது. மஞ்சள் துணி, டப்பா, மரக்கரண்டி, இதழ்கள். அவற்றின் மேல் குறுக்காக, குனிந்து நிற்கிற ஓர் ஆணின் நிழல்.

எவ்வளவு நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியாது. தொழில் தெரிந்தவளாகப் பார்த்தால் அது தப்பான படம். டப்பாவின் நிழல் வலப்பக்கம் விழுகிறது, ஆளின் நிழல் இடப்பக்கம் விழுகிறது. ஒரே விளக்கில் அப்படி விழாது. பரவலான வெளிச்சம் என்று கேட்டிருக்கிறேன், நிழலின் ஓரமோ கத்தியால் வெட்டியது போல இருக்கிறது. தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போயிருக்க வேண்டும். ஆனால் அறையில் பத்து மாதம் கழித்து ஒருவர் எனக்கு மேலே குனிந்து நின்றார். என்னால் தள்ள முடியவில்லை.

அது சாலமன் இல்லை. நெட்டையாக, தோள் அகலமாக, சினிமா போஸ்டர் உடம்பு. எனக்கு எரிச்சலாக இருந்தது. குள்ளமான ஆள் என்று முன்னால் சேர்த்தேன். வந்தது. இடது தோள் இறங்கியவர் என்றேன். வலது தோள் இறங்கியது. காதோரம் முடி கலைந்தவர் என்றேன். ஒரு பெரிய பரட்டைத் தலையைக் கொண்டுவந்தது. கொஞ்சமாகக் கலைந்தவர். கழுத்தில் கேமரா பட்டை தொங்குகிறவர். சிரிக்கிறவர். நிழல் எப்படிச் சிரிக்கும் என்று அதுவும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

அன்று மதியம் முழுக்க அதுதான் வேலை. மறுநாள் மதியமும் அதுதான். ஷபீனாவின் டப்பாக்கள் பாட்டுக்கு அட்டைப்பெட்டியில் கிடந்தன. நாற்பது படம் வாங்கியிருப்பேன். ஒன்று கிட்டத்தட்ட வந்தது. குள்ளமான, இடது தோள் தாழ்ந்த, லேசாகத் தலையைச் சாய்த்த நிழல். பலகையில் இருப்பதைக் கண்ணிமைக்காமல் பார்க்கிற மாதிரி இருந்தது. அதைப் பெரிதாக்கித் திரை முழுக்க வைத்துக்கொண்டு, "நிழல் விழுது, சாலமன்" என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். அது தள்ளவில்லை. அதன் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

மறுநாள் காலை ஷபீனா ஃபோன் செய்தாள்.

"அக்கா, ஃபோல்டர் பார்த்தேன்."

"இன்னும் முடியலம்மா. லேபிள்தான் இழுக்குது."

"இல்லக்கா. ஒருத்தர் நிழலா நாப்பது படம் இருக்கு."

வருகிற படமெல்லாம் நேராக அவள் பார்க்கிற இடத்துக்குப் போகும்படி வைத்தவள் நான்தான். அது மட்டும் என்றால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். இந்தக் கருவிக்கு இன்னொரு கெட்ட பழக்கம் உண்டு. ப்ராம்ப்டின் முதல் சில சொற்களையே படத்துக்குப் பெயராக வைத்துவிடும். நானோ ஒவ்வொரு தடவையும் சேர்க்க வேண்டியதை முன்னாலேயே சேர்த்துக்கொண்டு போயிருக்கிறேன்.

ஷபீனா அந்த ஆங்கிலப் பெயர்களைத் தமிழாக்கி நிதானமாக வாசித்தாள். "குள்ளமான ஆள், இடது தோள் இறங்கியது. அடுத்தது, குள்ளமான ஆள், காதோரம் முடி கொஞ்சமாகக் கலைந்தது. அடுத்தது, குள்ளமான ஆள், சிரிக்கிறவர்." பிறகு கேட்டாள். "யாருக்கா இது?"

பொய் எதுவும் அகப்படவில்லை. "என்கூட வேலை பார்த்தவர். ஃபோட்டோ எடுப்பார்" என்றேன்.

"இப்ப இல்லையா?"

"முடிச்சூர்ல இருக்கார்."

"முடிச்சூர்லதானே இருக்கார்" என்றாள். அம்மாவைப் பறிகொடுத்தவள் சொல்லும்போது அந்த ஊர் ரொம்பக் கிட்டத்தில் இருந்தது.

பிறகு அவளே சொன்னாள். "எங்கம்மா லேபிள் எழுதறப்ப நான் பின்னாடி நின்னு எட்டிப் பார்ப்பேன்கா. என் நிழல் பேப்பர்மேல விழும். தள்ளுடின்னு கத்துவாங்க. கடைக்குள்ள நுழைஞ்சதும் மாட்டறதுக்கு ஒரு பெரிய படம் வேணும். இந்த நிழல் படம்தான் வேணும். ஆனா அதுல நிஜ லேபிள், நிஜ நிழல். அவரையே கூப்பிடுங்களேன்."

"என்னால முடியாதும்மா."

"நம்பர் குடுங்க, நான் கூப்பிடறேன்."

கொடுத்துவிட்டேன். கோழைத்தனம்தான். என்ன செய்வது.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குச் சாலமன் வந்தார். மாடிப்படியில் கால் சத்தம் கேட்டதுமே நான் பலகையைத் துடைக்க ஆரம்பித்துவிட்டேன். ஏற்கெனவே நான்கு தடவை துடைத்திருந்தேன்.

"இன்னா மேடம், நல்லா கீறீங்களா?"

"இருக்கேன். வெயில்ல கறுத்துட்டீங்க."

"மனையாண்ட நிழல் ஏது" என்றார்.

பையோடு கூட நீளமாக ஒன்றைத் தோளில் மாட்டியிருந்தார். பிரித்தார். கனமான மூன்று கால், அதிலிருந்து பக்கவாட்டில் நீளும் ஒரு கம்பி, கம்பியின் மறுமுனையில் தொங்கவிட மணல் பை. கேமராவைக் கம்பியின் நுனியில் கவிழ்த்து மாட்டினார். அது பலகைக்கு நேர் மேலே, சமமாக நின்றது. தண்ணீர்மட்டக் குமிழி வைத்துப் பார்த்தார். பிறகு ஃபோனை எடுத்துக்கொண்டு அறை மூலையில் போய் நின்றார். கேமராவில் தெரிவது ஃபோனில் தெரிகிறது, அங்கிருந்தபடியே விரலால் தொட்டால் படம் விழுகிறது.

"ஏழு வருசமா சொன்னீங்களே மேடம், நிழல் விழுது நிழல் விழுதுன்னு. இப்ப விழாது பாருங்க."

பார்த்தேன். விழவில்லை. பலகை முழுக்க வெளிச்சம் மாவு சலித்த மாதிரி ஒரே சீராகப் படிந்திருந்தது. நான் கேட்டதையெல்லாம் செய்துகொண்டு வந்திருக்கிறார்.

வேலை ஆரம்பித்தோம். நான் டப்பாவை வைப்பேன், மூடியைத் திருப்பி எழுத்தை நேராக்குவேன், அவர் மூலையிலிருந்து தொடுவார். மூடி வட்டமாக விழுந்தது. 'கு'வின் வால் வரை துல்லியமாக வந்தது. பன்னிரண்டு டப்பாவும் இரண்டு மணி நேரத்தில் முடிந்தன. அந்தக் காலத்தில் இதற்கு ஒரு நாள் பிடிக்கும். நடுவே அவர் நான்கைந்து வார்த்தைதான் பேசினார், அதுவும் லென்ஸைப் பற்றி. பக்கவாட்டில் எட்டடி தள்ளி ஓர் ஆள் நிற்கிறார் என்பது எனக்குப் பழகவே இல்லை. என் தலைக்கு மேலே ஒரு கருவி தொங்கிக்கொண்டிருந்தது, அதற்கு மூச்சுச் சத்தம் இல்லை.

இவர் மூட்டைகட்டப் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன். கம்பியை மடக்குவார், 'சரி மேடம்' என்பார், படியிறங்குவார். அதன் பிறகு எனக்கு அந்த நாற்பது படங்கள்தான்.

"இன்னும் ஒண்ணு இருக்கு, சாலமன்" என்றேன். பலகையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். "அந்தப் பொண்ணு கடையில மாட்டறதுக்கு. அதுக்கு, அதுக்கு மட்டும் நிழல் வேணும்."

"தெரியும்" என்றார். "அந்தப் பொண்ணு லிங்க் அனுப்பிச்சிருந்துது. காலைல டீக்கடையில ஒக்காந்து பாத்தேன்."

"எது?"

"ஃபோல்டரு."

எதைப் பார்த்தீர்கள், படத்தை மட்டுமா, பெயர்களையுமா என்று கேட்க வாய் வரவில்லை. இடுக்கியைக் கையில் வைத்துக்கொண்டு, சரியாகவே இருந்த மரக்கரண்டியை அரை அங்குலம் நகர்த்தினேன். பிறகு பழைய இடத்துக்கே நகர்த்தினேன்.

அவர் கேமராவைக் கழற்றி, கம்பியை மடக்கிக் கதவோரம் சாத்தினார். "மல் துணி இருந்தா நிழல் கறை மாதிரிதான் விழும். ஆளு தெரியாது" என்று சொல்லிக்கொண்டே நாற்காலியில் ஏறிச் சட்டத்தைக் கழற்றி எடுத்தார். மூன்று ட்யூப் லைட்டை அணைத்தார். மிச்சமிருந்த ஒன்றையும் அணைத்துவிட்டு, தன் பையிலிருந்து ஒரு சின்ன விளக்கை எடுத்து, கூரையோரக் கொக்கியில் கட்டினார். ஒரே விளக்கு, ஒரே திசை. அப்போதுதான் டப்பாவின் நிழலும் ஆளின் நிழலும் ஒரே பக்கம் விழும்.

பிறகு ஏணியைப் பார்த்தார். அதில் என் துண்டு தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்து மடித்து நாற்காலியில் வைத்தார். ஏறினார். மூன்றாவது படி முனகியது. எனக்கு அந்தச் சத்தம் உடம்பெல்லாம் இறங்கியது.

நான் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன். பலகைமேல் மஞ்சள் துணி, நடுவே நூர் பீவியின் குளியல் மாவு, இடப்பக்கம் மரக்கரண்டி, மேலே மூன்று இதழ்கள். வலது மேல் மூலை காலி. இவை எல்லாவற்றின் மேலும் மெதுவாக ஒரு நிழல் வந்து கவிந்தது. குள்ளமான நிழல். தாழ்ந்தது இடது தோள்தான். நான் நாற்பது தடவை எழுதியும் வராதது, ஓர் ஆள் மூன்று படி ஏறியதும் வந்துவிட்டது.

மேலிருந்து குரல் வந்தது.

"நான் அவ்ளோ குள்ளமாவா கீறேன்?"

பலகைமேல் நிழல் குலுங்கியது.

நான் நிமிரவில்லை. நிமிர்ந்தால் அழுதுவிடுவேன். "கொஞ்சம்" என்றேன்.

"அன்னிக்கு நீங்க சொன்னது" என்று ஆரம்பித்தார். நிழல் தலையைச் சாய்த்தது.

"தப்பா சொல்லிட்டேன், சாலமன்" என்றேன். பத்து மாதமாக வாய்க்குள் இருந்த வாக்கியம் அது. வெளியே வந்தபோது இவ்வளவு சின்னதாக இருந்தது. "நீங்க இல்லாம இந்த ரூம்ல என்னால இருக்க முடியல."

மேலே கேமரா சொடுக்குகிற சத்தம் கேட்கவில்லை. ஏணியும் அசையவில்லை. கீழே தெருவில் யாரோ வண்டியைக் கிளப்ப உதைத்துக்கொண்டிருந்தார்கள்.

"இப்ப லேபிள் மேல விழுது மேடம்" என்றார் கடைசியில். "தள்ளட்டுமா?"

கையை நீட்டி, டப்பாவை நிழலுக்கு வெளியே, எழுத்து வெளிச்சத்தில் படும்படி நகர்த்தி வைத்தேன்.

"வேணாம்" என்றேன். "அங்கேயே இருங்க."